7வது கிராஸ், 4வது மெயின்: பெங்களூரு முகவரியை வாசிப்பது எப்படி

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் எங்க வீடு. மகள் பெங்களூருல வாடகைக்கு வீடு எடுத்திருக்கா. ‘நம்பர் 427, 7வது கிராஸ், 4வது மெயின், 2வது ஸ்டேஜ்’னு அட்ரஸ் அனுப்பியிருக்கா. மெயின்னா பஸ் போற ரோடு, கிராஸ்னா நாலுமுக்கு ஜங்ஷன்னு நினைச்சு மேப்ல தேடினா வேற எங்கேயோ காட்டுது. இதை எப்படி வாசிச்சு வீட்டைக் கண்டுபிடிக்கிறது?

பதில்:

குழப்பம் அந்த இரண்டு சொற்களில்தான் தொடங்குகிறது. நம் பக்கத்தில் ‘மெயின் ரோட்டுல நிக்கிறேன்’ என்றால் பஸ் ஓடுகிற சாலையில் நிற்பதாக அர்த்தம். அது ஊருக்கு ஒன்றுதான் இருக்கும். பெங்களூரு லேஅவுட்டில் மெயின் என்பது சாலையின் பெருமையைச் சொல்வதில்லை, அது ஓடுகிற திசையைச் சொல்கிறது. ஒரு லேஅவுட்டில் ஒன்றுக்கொன்று இணையாக ஒரே திசையில் ஓடும் சாலைகள் எல்லாம் மெயின். அவற்றைக் குறுக்கே வெட்டி ஓடும் சாலைகள் எல்லாம் கிராஸ். ஆகவே 1வது மெயின், 2வது மெயின் என்று இருபது மெயின்கள்கூட இருக்கலாம். அவற்றில் பல, மரநிழலில் நாய் படுத்துக் கிடக்கும் அமைதியான தெருக்கள்தான். கிராஸ் என்பதும் ஜங்ஷன் இல்லை, ஒரு முழுத் தெரு. (நம் பக்கத்தில் கிராஸ் என்றதும் குருசடிதான் ஞாபகத்துக்கு வரும். அங்கே அதைத் தேட வேண்டாம்.)

தென்னை வரிசை பிடித்து நட்ட ஒரு விளையை நினைத்துக்கொள்ளுங்கள். ‘நாலாவது வரிசையில் ஏழாவது மரம்’ என்றால் தோப்பைப் பார்க்காதவரும் போய் அந்த மரத்தைத் தொட்டுவிடுவார். 4வது மெயின், 7வது கிராஸ் என்பதும் அதேதான். இரண்டு எண்களும் சேர்ந்து ஒரு முனையைக் காட்டுகின்றன. அந்த முனையிலிருந்து வீடு வரை கூட்டிப்போவது கதவு எண்ணின் வேலை.

நம் மாவட்டத்து முகவரி இப்படி வேலை செய்வதில்லை. 5/112 பி என்று கதவு எண் இருந்தால், 5 என்பது வார்டு, 112 என்பது வரிப் பதிவேட்டில் அந்த வீட்டுக்கு விழுந்த வரிசை எண், பி என்பது பிறகு அதே வளாகத்தில் கட்டிய வீடு. அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு யாராலும் நடந்து போய் வீட்டைப் பிடிக்க முடியாது. அதனால்தான் விளையின் பெயரும், போஸ்டும், ‘சர்ச்சுக்கு எதிர் முடுக்குல மூணாவது வீடு’ என்ற வாய்வழியும் சேர்ந்துதான் நம் முகவரி முழுமையாகிறது. பெங்களூரு முகவரியில் அந்த வாய்வழியின் இடத்தை எண்கள் எடுத்துக்கொள்கின்றன. ஆகவே அதை அடையாளம் தேடும் கண்ணோடு வாசிக்காமல், எண்ணும் கண்ணோடு வாசிக்க வேண்டும்.

நேரில் பார்த்துப் பழகுவதற்கு மல்லேஸ்வரம் நல்ல இடம். 1898இல் பிளேக் பரவிய பிறகு, நெரிசலான பழைய ஊரிலிருந்து மக்களை வெளியே குடியேற்றும் வேகத்தில் வளர்ந்த பகுதி அது. பசவனகுடியும் அப்படித்தான். மல்லேஸ்வரத்தில் சம்பிகே ரோடும் மார்கோசா ரோடும் தெற்கு வடக்காக இணையாக ஓடுகின்றன. இவை இரண்டும் மெயின் சாலைகளின் இடத்தில் இருப்பவை, எண்ணுக்குப் பதில் பெயர் பெற்றுவிட்டன. குறுக்கே ஓடும் கிராஸ்கள் தெற்கிலிருந்து வடக்கே எண் ஏறிக்கொண்டு போகின்றன. தென்கோடியில் உள்ள சம்பிகே ரோடு மெட்ரோ நிலையத்தில் இறங்கி வடக்கே நடந்தால், கடைகள் நெருங்கிய 8வது கிராஸ் வரும், பிறகு 15வது கிராஸ், கடைசியில் பஸ்கள் திரும்பும் 18வது கிராஸ். 13வது கிராஸுக்குப் போக வேண்டியவர் 11ஐக் கண்டால் இன்னும் நடக்க வேண்டும், 15ஐக் கண்டால் தாண்டிவிட்டார். யாரிடமும் கேட்காமலே ‘முன்னே போகணுமா, திரும்பணுமா’ என்பது தெரிந்துவிடுகிறது. இந்த முறையின் முழுப் பயனும் இதுதான்.

பிற்காலத்தில் 1945இல் அமைந்த நகர மேம்பாட்டு அறக்கட்டளை வாரியமும், அதன் இடத்துக்கு 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த பெங்களூரு வளர்ச்சி ஆணையமும் இதே முறையில்தான் புதுப் பகுதிகளை அளந்து போட்டன. மனையை அங்கே ‘சைட்’ என்பார்கள். 30க்கு 40 அடி, 40க்கு 60 அடி என்று சைட் அளவுகள் முன்கூட்டியே முடிவானவை. மனை ஒரே அளவாக இருப்பதால் சாலைகளின் இடைவெளியும் ஏறக்குறைய ஒரே அளவாக அமைந்துவிடுகிறது. தூரத்தைக் கணக்குப் போட இது கைகொடுக்கும், கீழே சொல்கிறேன்.

இப்போது முகவரியை வாசிக்கும் வரிசை. எழுதியிருக்கும் வரிசைக்கு நேர் எதிராக, கடைசியிலிருந்து வாசியுங்கள். முதலில் பகுதியின் பெயர், அடுத்து அதன் உட்பிரிவான ஸ்டேஜ் அல்லது பிளாக் அல்லது செக்டர் அல்லது பேஸ், அதன்பிறகுதான் மெயினும் கிராஸும். பெங்களூருவில் 7வது கிராஸ் எத்தனையோ உண்டு. ஒரு பகுதிக்குள்ளேயே ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் எண்கள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கலாம். ஆகவே உங்கள் மகள் அனுப்பிய முகவரியில் ‘2வது ஸ்டேஜ்’ என்பதை விட்டுவிட்டால் மற்ற எண்கள் எல்லாம் வீண். அதோடு சேர்ந்து இருக்க வேண்டிய லேஅவுட் பெயர் உங்கள் கேள்வியில் இல்லை. மகள் எழுதாமல் விட்டாளா, நீங்கள் சுருக்கினீர்களா தெரியவில்லை, ஆனால் மேப் வேறு எங்கோ காட்டியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

எல்லா இடத்திலும் எண் மறுபடி தொடங்கும் என்றும் இல்லை. ஜெயநகரில் கிராஸ் எண்கள் பிளாக்கைத் தாண்டித் தொடர்ச்சியாக ஓடுகின்றன. அதனால்தான் அங்கே 4வது பிளாக்கில் 30வது கிராஸ் என்று பெரிய எண்ணைக் கேட்கிறோம். அங்கே கிராஸ் எண்ணே பிளாக்கைக் கிட்டத்தட்ட காட்டிக்கொடுத்துவிடும். இந்திராநகரில் சிக்கல் வேறு. பொதுவாக இந்திராநகர் என்று சொல்லும் பரப்புக்குள் இந்திராநகர் 1வது ஸ்டேஜும் இருக்கிறது, எச்.ஏ.எல். 2வது ஸ்டேஜும் இருக்கிறது. 12வது மெயின் என்று மட்டும் சொன்னால் ஆட்டோக்காரர் ‘எந்த ஸ்டேஜ்?’ என்று திருப்பிக் கேட்பது அதற்காகத்தான். இங்கே பின்கோடு உதவும். இந்திராநகருக்கு 560038, எச்.ஏ.எல். 2வது ஸ்டேஜுக்கு 560008. இரண்டு இடங்களில் ஒரே கிராஸ் எண் வந்தால், எது நமக்கு வேண்டியது என்று பிரிப்பதற்குப் பின்கோடு பலவேளை கைகொடுக்கும்.

அடுத்த கேள்வி, வாசல் எந்தச் சாலையில் இருக்கிறது என்பது. முகவரியில் இரண்டு சாலைகள் வருகின்றன, வீடு இரண்டிலும் இருக்க முடியாது. வழக்கத்தில், கதவு எண்ணுக்கு அடுத்து முதலில் எழுதப்படும் சாலையில்தான் வாசல். இரண்டாவதாக வருவது, அந்தச் சாலையின் எந்தப் பகுதியில் என்று சொல்ல வந்தது. ‘427, 7வது கிராஸ், 4வது மெயின்’ என்றால் வீடு 7வது கிராஸில், 4வது மெயினுக்குப் பக்கத்தில். ‘427, 4வது மெயின், 7வது கிராஸ்’ என்று எழுதியிருந்தால் வீடு 4வது மெயினைப் பார்த்து, 7வது கிராஸ் முனைக்குப் பக்கத்தில். எல்லோரும் இந்த ஒழுங்கைக் காப்பாற்றுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரிசையும் கரண்ட் பில்லில் வேறு வரிசையும் இருப்பது உண்டு. சந்தேகம் வந்தால் கிராஸ் பக்கமே முதலில் பாருங்கள். மனைகளை முதுகோடு முதுகு ஒட்டி இரண்டு வரிசையாக வைத்து, இரு வரிசைகளும் இரண்டு கிராஸ்களைப் பார்க்கும்படி அமைப்பது பரவலான முறை. அப்படி அமைத்த இடத்தில் கோடியில் உள்ள மனைகள் மட்டுமே மெயினைத் தொடும்.

உங்கள் முகவரி எண்களையே வைத்து ஒரு மாதிரி லேஅவுட் போட்டுப் பார்ப்போம். இது கணக்குக்காகப் போட்ட படம். நேரில் அளவும் திசையும் இடத்துக்கு இடம் மாறும், ஆனால் கணக்குப் போடும் முறை மாறாது.

மனை ஒவ்வொன்றும் 30 அடி அகலம், 40 அடி ஆழம் என்று வையுங்கள். இரண்டு வரிசை முதுகோடு முதுகு ஒட்டினால் 80 அடி. அதோடு 30 அடி அகலமுள்ள ஒரு கிராஸைச் சேர்த்தால், ஒரு கிராஸிலிருந்து அடுத்த கிராஸுக்கு 110 அடி, அதாவது 33 மீட்டர் சொச்சம். ஒரு வரிசையில் பத்து மனை என்றால் 300 அடி. அதோடு 40 அடி அகலமுள்ள ஒரு மெயினைச் சேர்த்தால், ஒரு மெயினிலிருந்து அடுத்த மெயினுக்கு 340 அடி, ஏறக்குறைய 104 மீட்டர். இங்கேயே ஒன்றைக் கவனியுங்கள். மெயினிலேயே நடந்தால் கிராஸ்கள் சட்டுச்சட்டென்று வந்து போகும். கிராஸிலேயே நடந்தால் அடுத்த மெயின் வர நேரம் பிடிக்கும். ஊர் தெரியாதவர் ‘நான் இப்போ மெயின்ல நடக்கிறேனா, கிராஸ்லயா’ என்று தெரிந்துகொள்ள இந்த வேகமே ஒரு அடையாளம்.

மெயின்கள் கிழக்கு நோக்கி எண் ஏறுகின்றன, கிராஸ்கள் வடக்கு நோக்கி ஏறுகின்றன என்று வைப்போம். ஆட்டோ உங்களை 1வது மெயினும் 1வது கிராஸும் சந்திக்கும் முனையில் இறக்கிவிடுகிறது. 4வது மெயினுக்கு எத்தனை தாண்ட வேண்டும்? மூன்று, நான்கு அல்ல. நிற்கிற மெயினையும் சேர்த்து எண்ணிவிடுவதுதான் இங்கே எல்லோரும் செய்யும் பிழை. கிழக்கே மூன்று இடைவெளி, 1,020 அடி. பிறகு 4வது மெயினில் வடக்கே திரும்பி, 7வது கிராஸுக்கு ஆறு இடைவெளி, 660 அடி. மொத்தம் 1,680 அடி, அரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். பெட்டி படுக்கையோடு நடந்தாலும் பத்து நிமிஷத்துக்குள் அந்த முனைக்கு வந்துவிடலாம்.

இப்போது நிற்கும் முனையிலிருந்து 7வது கிராஸ் கிழக்கேயும் போகிறது, மேற்கேயும் போகிறது. முகவரியில் ‘4வது மெயின்’ என்று மட்டுமே இருப்பதால் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாது. கிராஸ், மெயின் எண்களால் முடிந்த உதவி இத்துடன் தீர்ந்தது. இனிமேல் கதவு எண்ணைப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் முனையில் உள்ள வீட்டின் எண்ணைப் பாருங்கள், 427க்குப் பக்கமாக எது இருக்கிறதோ அந்தப் பக்கம் திரும்புங்கள்.

லேஅவுட்டில் சைட் எண்கள் பலவேளை உழவு சால் போலப் போகும். ஒரு வரிசையில் போய், கோடியில் திரும்பி, அடுத்த வரிசையில் எதிர்த்திசையில் வரும். நம் மாதிரியில், 6வது கிராஸைப் பார்த்த வரிசையில் 4வது மெயின் முனையில் 401 தொடங்கி, 5வது மெயின் முனையில் 410 முடிகிறது. அதன் முதுகில் 7வது கிராஸைப் பார்த்தபடி 411 தொடங்கி, திரும்பி 4வது மெயின் முனைக்கு வந்து 420 முடிகிறது. சாலையைத் தாண்டி எதிர்வரிசையில் 421 தொடங்கி மறுபடி கிழக்கே போய் 430 முடிகிறது. ஆகவே 4வது மெயினிலிருந்து 7வது கிராஸில் கிழக்கே நடந்தால், வலது கை வரிசையில் எண்கள் 420, 419, 418 என்று இறங்கும். இடது கை வரிசையில் 421, 422, 423 என்று ஏறும். ஒரே தெருவில் ஒரு பக்கம் எண் ஏறி, மறுபக்கம் இறங்குவதைப் பார்த்துத்தான் பலர் ‘இங்க நம்பரே ஒழுங்கா இல்லை’ என்று திரும்பிவிடுகிறார்கள். ஒழுங்கு இருக்கிறது. 420க்கு எதிரே 421, 419க்கு எதிரே 422, 414க்கு எதிரே 427. எந்த எதிரெதிர் வீடுகளைக் கூட்டினாலும் 841 வரும். உங்கள் மகள் வீடு இடது கையில் ஏழாவது கேட், முனையிலிருந்து 180 அடி தாண்டியதும்.

எல்லா இடத்திலும் இந்த உழவு சால் முறை இருக்காது. சில தெருக்களில் ஒரு பக்கம் ஒற்றைப்படை, மறுபக்கம் இரட்டைப்படை. எது என்று அறிய இரண்டு கேட் போதும். அடுத்தடுத்த கேட்டில் 421, 422 என்று வந்தால் உழவு சால் வரிசை, 421, 423 என்று வந்தால் ஒற்றை இரட்டை. முதல் வகையில் உங்கள் எண் அந்த வரிசையின் எல்லைக்குள் வராவிட்டால் எதிர்வரிசையைப் பாருங்கள். இரண்டாவது வகையில் 427 ஒற்றைப்படைப் பக்கத்தில்தான் இருக்கும், மறுபக்கத்தைப் பார்க்கவே வேண்டாம்.

பிசகும் இடங்களைச் சொல்கிறேன். முதலாவது, எழுத்து ஒட்டிய சாலைகள். 7வது ஏ கிராஸ் என்பது 7வது கிராஸின் ஒரு பகுதி இல்லை, அது தனிச் சாலை. எண் போட்டு முடித்த பிறகு நடுவில் ஒரு சாலை வந்தால், அதற்குப் பின்னால் உள்ள எல்லா எண்களையும் மாற்றாமல் ஏ, பி என்று சேர்த்துவிடுகிறார்கள். வழக்கமாக 7க்கும் 8க்கும் நடுவில் இருக்கும். இதனால் இரண்டு விளைவு. நீங்கள் சாலைகளை எண்ணிக்கொண்டே போனால் கணக்குத் தப்பும், ஆகவே எண்ணுவதை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு பலகையை வாசியுங்கள். இன்னொன்று, முகவரியைப் போனில் கேட்டு எழுதும்போது ‘ஏ’ காதில் விழாமல் போய்விடும். ஒரு தெரு தள்ளி 427ஐத் தேடிக்கொண்டு நிற்பவர்களில் பாதிப் பேருக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும்.

இரண்டாவது, சாலை நடுவில் அறுந்துபோவது. பூங்கா, பள்ளி மைதானம், ஏரி, ராஜகால்வாய் எனும் பெரிய மழைநீர் வாய்க்கால் குறுக்கே வந்தால் 7வது கிராஸ் ஒரு பக்கம் முடிந்து, தாண்டியதும் அதே பெயரில் தொடரும். ‘முட்டுச் சந்து, வீடே இல்லை’ என்று திரும்ப வேண்டாம், சுற்றிப் போய் மறுபக்கம் பாருங்கள். கதவு எண் எந்தத் துண்டு என்று சொல்லிவிடும். இதன் இன்னொரு வடிவம், மெயினின் இரு பக்கமும் கிராஸ் எண் ஒன்றாக இல்லாதது. இடது கையில் 9வது கிராஸ், அதற்கு நேர் எதிரே வலது கையில் 3வது கிராஸ் என்று பலகை இருந்தால் பதற வேண்டியதில்லை. அந்த மெயினே இரண்டு லேஅவுட்டுகளின் எல்லை என்று பொருள்.

மூன்றாவதுதான் மிகவும் அலைக்கழிப்பது. ஆணையம் போட்ட லேஅவுட்டுகளுக்கு நடுவிலும் ஓரத்திலும், பழைய கிராமத்து நிலத்தைத் தனியார் துண்டு போட்டு விற்ற ‘ரெவின்யூ லேஅவுட்’டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் அளவில் 1வது கிராஸ், 2வது கிராஸ் என்று தொடங்கிக்கொள்ளும். பின்கோடு ஒன்றாக இருக்கும், பஸ் நிறுத்தம் ஒன்றாக இருக்கும், ஆனால் 2வது கிராஸ் மூன்று இருக்கும். முகவரியில் ஒரு கோயில் தெருவோ சிறிய லேஅவுட்டின் பெயரோ தனியாக எழுதியிருந்தால் அதை அலங்காரம் என்று விட்டுவிடாதீர்கள், அங்கே சாவியே அந்தப் பெயர்தான். சாலைகள் சரியாகக் கட்டம் கட்டாமல், நம் ஊரில் வயலைப் பிளாட் போட்டதுபோல வளைந்து குறுகிப் போனால், மேலே போட்ட அடிக்கணக்கையும் மறந்துவிடுங்கள்.

கதவு எண் விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை. சைட் எண் வேறு, மாநகராட்சி கொடுத்த கதவு எண் வேறு. ஒரு கேட்டிலேயே இரண்டும் எழுதியிருக்கலாம். சுற்று வீடுகளில் மூன்று இலக்கமும் மகள் சொன்ன எண் இரண்டு இலக்கமுமாக இருந்தால், அவள் மற்ற எண்ணைச் சொல்லியிருக்கிறாள் என்று வையுங்கள். முனை வீட்டில் இன்னொரு விசித்திரம். முகவரி 7வது கிராஸ் என்று இருக்கும், கேட் 4வது மெயினில் இருக்கும். கிராஸில் 422 வரை பார்த்து 421 மட்டும் இல்லையென்றால் முனையைச் சுற்றிப் போய்ப் பாருங்கள்.

60 அடி ரோடு, 80 அடி ரோடு, 100 அடி ரோடு என்று வருபவை இந்த எண் வரிசையில் சேராதவை. அகலமே பெயராகிவிட்ட சாலைகள் அவை. 80 அடி ரோடு இந்திராநகரிலும் உண்டு, கோரமங்களாவிலும் உண்டு, ஆகவே பகுதிப் பெயரோடு சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மேப்பில் தேடும்போது கதவு எண்ணை முதலில் போடாதீர்கள். கிராஸ், மெயின், ஸ்டேஜ் அல்லது பிளாக், பகுதி, பின்கோடு என்ற வரிசையில் ஆங்கிலத்தில் அடியுங்கள். மல்லேஸ்வரத்துக்கு இப்படி:

```
13th Cross, Malleshwaram, Bengaluru 560003
```

சாலை சரியாக வந்தபிறகு பெரிதாக்கி, மெயின் எண்ணைக் கண்ணால் பொருத்திப் பாருங்கள். சிவப்புக் குறி விழுந்த இடமே வீடு என்று நம்ப வேண்டாம். வீட்டு எண் தெரியாதபோது மேப் பலவேளை தெருவின் ஏதோ ஒரு புள்ளியில் குறியை வைத்துவிடும். எண்களால் முனை வரை போவதும், மகள் அனுப்பும் லொகேஷனால் கேட் வரை போவதும் நல்ல கூட்டணி.

தெருமுனைப் பலகைகளில் கன்னடம் பெரிதாக இருக்கும். எழுத்து வாசிக்க வராவிட்டாலும் சொற்களைக் காதால் தெரிந்து வைத்துக்கொள்வது உதவும். மெயினை ‘முக்ய ரஸ்தெ’ என்றும், கிராஸை ‘அட்ட ரஸ்தெ’ என்றும், ஸ்டேஜை ‘ஹந்த’ என்றும், லேஅவுட்டை ‘படாவணெ’ என்றும் சொல்வார்கள். நம் ‘வது’ போல அவர்களுக்கு ‘நே’. பலகை இல்லாத முனையில் கடைப் பெயர்ப் பலகையின் கடைசி வரியைப் பாருங்கள். மருந்துக்கடை, பேக்கரி போன்றவை தங்கள் கிராஸையும் மெயினையும் அங்கே எழுதி வைத்திருக்கும். இரண்டு கடைகள் ஒரே எண்ணைச் சொன்னால் நம்பலாம். ஒரு கடை மட்டும் என்றால், பழைய இடத்திலிருந்து பலகையைக் கழற்றி வந்து மாட்டியதாகவும் இருக்கலாம்.

சென்னையில் இதற்கு ஒன்றுவிட்ட சொந்தம் உண்டு. அண்ணா நகரில் அவென்யூ, எழுத்துப் பெயரிட்ட பிளாக், அதற்குள் எண்ணிட்ட தெரு என்று போகும். அங்கேயும் பிளாக் எழுத்தை விட்டால் முகவரி விழுந்துவிடும். கூடவே பழைய எண், புதிய எண் என்ற சிக்கலும் சேரும். நாகர்கோவிலைச் சுற்றி வரும் புது மனைப்பிரிவுகளில் பெரும்பாலும் ஒரே சாலையிலிருந்து 1வது தெரு, 2வது தெரு என்று சீப்புப் பற்களைப் போலப் பிரிவதோடு சரி. அங்கே ஒரு எண்ணே போதும், மெயின் எண் தேவைப்படுவதில்லை.

ஆட்டோவில் ஏறும்போது கதவு எண்ணைச் சொல்லாதீர்கள், அது அவருக்குப் பயன்படாது. பகுதியும் ஸ்டேஜும் சொல்லி ஏறுங்கள், பக்கம் வந்ததும் மெயின், கடைசியில் கிராஸ். இறங்கி நடக்கும்போது வழியில் போகிறவரிடம் ‘427 எங்கே’ என்று கேட்டால் அந்தத் தெருக்காரருக்கே தெரிந்திருக்காது. ‘இது எத்தனாவது மெயின்?’ என்று கேளுங்கள், சின்னப் பையன்கூடச் சொல்வான். நிற்கிற இடத்தின் இரண்டு எண்களும் தெரிந்துவிட்டால் மகளுக்குப் போன் போட்டு, ‘நான் 4வது மெயின், 5வது கிராஸ் முக்குல நிக்கிறேன்’ என்று சொல்லுங்கள். ‘இன்னும் ரெண்டு கிராஸ் மேலே வாங்கப்பா’ என்று அவளும் சொல்லிவிடுவாள்.